காபி கஃபேக்கு இருமொழிச் சொல் அட்டை: கவுண்டர் கேள்வியிலிருந்து அச்சு வரை

கஃபேக்கு வரும் தமிழ் வாடிக்கையாளர் கையில் எடுத்துப் பார்க்க ஓர் அட்டை. முன்பக்கம் பானங்களின் பெயர்கள், பின்பக்கம் காபி தயாரிப்புச் சொற்கள். இதைச் செய்ய உட்காருகிற பலரும் மெனுவை எடுத்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக மொழிபெயர்க்கத் தொடங்கிவிடுவார்கள். என் முதல் அட்டையை நானும் அப்படித்தான் செய்தேன். அச்சு அழகாக வந்தது. கவுண்டரில் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி செய்தபோது பிடிபட்ட வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. எழுதும் முன் ஒரு வாரம் கவுண்டரில் நில்லுங்கள்

ஒரு சிறிய நோட்டும் பேனாவும் போதும். வாடிக்கையாளர் கேட்கிற கேள்வியை அவர் வாயில் வந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். “இதுல பால் உண்டா?”, “சின்னதா பெருசா?”, “சக்கரை போட்டுத்தான வரும்?” என்று கேட்டால் அப்படியே எழுத வேண்டும். ‘பால் பற்றிய ஐயம்’ என்று சுருக்கிவிட்டால், பிறகு அட்டையில் எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரியாமல் விழிப்பீர்கள்.

திருப்பி அனுப்பப்பட்ட கோப்பைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை கேள்விகளைவிட முக்கியம். கேள்வி கேட்பவருக்குத் தனக்குத் தெரியாது என்று தெரியும். கோப்பையைத் திருப்பி அனுப்புகிறவர் தெரியும் என்று நினைத்து வாங்கியவர். அட்டை அதிகம் உதவ வேண்டியது இவருக்குத்தான்.

2. ஒவ்வொரு பானத்தையும் அளந்து எழுதுங்கள்

ஒரே பெயர் கடைக்குக் கடை வேறு அளவில் வரும். ஒரு கடையின் கப்புச்சினோ 150 மில்லி, இன்னொரு கடையில் அதுவே 250 மில்லி. பொதுவான விளக்கத்தைத் தேடி எடுத்துப் போட்டால், அட்டை ஒன்று சொல்லும், கோப்பையில் வேறொன்று வரும்.

அதனால் கடையில் காபி போடுகிற பாரிஸ்டாவிடம் ஒவ்வொரு பானத்தையும் ஒருமுறை போடச் சொல்லி, பக்கத்தில் நின்று ஐந்து விஷயங்களைக் குறியுங்கள்: கோப்பையின் கொள்ளளவு, எத்தனை எஸ்பிரஸ்ஸோ, பால் எவ்வளவு, நுரை எவ்வளவு கனம், இனிப்பு ஏதாவது சேர்கிறதா. எஸ்பிரஸ்ஸோவின் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் இரட்டை எஸ்பிரஸ்ஸோ என்பது 18 கிராம் தூளிலிருந்து 25 முதல் 30 நொடிக்குள் இறங்குகிற, ஏறக்குறைய 36 கிராம் காபி. இந்த எண்கள் அட்டைக்குப் போகப் போவதில்லை. எது அதிகம், எது குறைவு என்று நீங்கள் தைரியமாக எழுதுவதற்கு மட்டும்தான் இவை.

3. பெயரை மொழிபெயர்க்காதீர்கள், பொருளை மட்டும் சொல்லுங்கள்

அட்டையை இரண்டு பேர் பார்க்கிறார்கள். வாடிக்கையாளர் தமிழைப் படிக்கிறார். அவர் விரல் வைத்துக் காட்டுகிற வரியை பாரிஸ்டா பார்க்கிறார். அந்த பாரிஸ்டாவுக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். எனவே மெனு பலகையில் உள்ள ஆங்கிலப் பெயர், அதே எழுத்துக்கூட்டலில், வரியின் தொடக்கத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் அதன் ஒலியைத் தமிழ் எழுத்தில் போடுங்கள். விளக்கம் அதற்குக் கீழே வரட்டும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால், உச்சரிக்கக் கூச்சப்படுகிறவர் “நாலாம் நம்பர்” என்று சொல்லிவிடலாம்.

புதிய தமிழ்ப் பெயர் சூட்டும் ஆசை எழும். காபிக்குக் குளம்பி என்றும் கொட்டை வடிநீர் என்றும் சொற்கள் உண்டு. எனக்கும் அவற்றின் மேல் ஒரு பிரியம் உண்டு. ஆனால் கவுண்டரில் நின்று “நுரைக்குளம்பி ஒன்று” என்று கேட்டால் பாரிஸ்டா என்ன செய்வார்? வாடிக்கையாளர் சொல்லவேண்டிய சொல்லைத்தான் அட்டை கற்றுத்தர வேண்டும்.

தமிழ் எழுத்தில் ஒலியைப் போடும்போது ஒரு சிக்கல் வரும். ‘கோல்ட்’ என்று எழுதினால் அது குளிரா தங்கமா என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட இடங்களில் விளக்கத்தின் முதல் சொல்லே குழப்பத்தைத் தீர்க்க வேண்டும்: “கோல்ட் ப்ரூ: குளிர்ந்த கறுப்புக் காபி…” என்று தொடங்குங்கள். காபி, காப்பி, காஃபி மூன்றில் எதை எழுதினாலும் சரி, அட்டை முழுக்க ஒன்றே இருக்கட்டும்.

4. தெரிந்த சொல்போல வந்து ஏமாற்றுகிறவற்றை முதலில் எழுதுங்கள்

அஃபோகாட்டோ என்று பார்த்தால் யாரும் தானாக எதையும் ஊகிப்பதில்லை, கேட்டுவிடுவார்கள். (ஐஸ்கிரீம் மேல் சூடான எஸ்பிரஸ்ஸோ ஊற்றித் தருவது, ஒரு வரியில் முடிந்துவிடும்.) ஆபத்து, ஏற்கெனவே வீட்டில் புழங்குகிற சொற்களில்தான் இருக்கிறது. என் நோட்டில் இருந்த திருப்பி அனுப்பிய கோப்பைகளில் பெரும்பாலானவை நான்கு சொற்களால் வந்தவை.

முதலாவது *ஃபில்டர் காபி*. தமிழருக்கு இது டிகாக்ஷனும் பாலும் சர்க்கரையும் சேர்ந்த காபி. கஃபேயின் மெனுவிலோ, காகித வடிகட்டியில் வெந்நீர் ஊற்றி வடித்த, பாலில்லாத, நீர்த்த கறுப்புக் காபி என்று பொருள்படலாம். இரண்டும் வடிகட்டி இறக்கியவைதான், பெயரில் பொய் இல்லை. அதனாலேயே யாரும் விசாரிப்பதில்லை. உங்கள் கடையில் எது என்பதை அட்டையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: “பால் சேராத கறுப்புக் காபி. நம் வீட்டு ஃபில்டர் காபி இது அல்ல.” அந்த இரண்டாவது வாக்கியம் இடத்தை வீணாக்குவதாகத் தோன்றும். அதை எடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது *எஸ்பிரஸ்ஸோ*. கல்யாண வீட்டிலும் பொருட்காட்சியிலும் நீராவி மெஷினில் பாலைப் பொங்க வைத்து, இன்ஸ்டன்ட் தூள் போட்டு, மேலே சாக்லேட் தூவிக் கொடுப்பார்களே, அதையும் ‘எக்ஸ்பிரஸோ காபி’ என்றுதான் சொல்லி வளர்ந்திருக்கிறோம். கஃபேயில் அதே பெயரைச் சொன்ன ஒரு பெரியவருக்குச் சின்னஞ்சிறு கோப்பையின் அடியில் இரண்டு மடக்குக் கறுப்புக் காபி வந்தது. கோப்பையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “தம்பி, மீதி எங்கப்பா?” என்றார். அட்டையில் இப்படி எழுதினோம்: “மெஷினில் அழுத்தி இறக்கிய கெட்டியான கறுப்புக் காபி. இரண்டு மூன்று மடக்குதான் இருக்கும். பாலும் நுரையும் வேண்டுமென்றால் கப்புச்சினோ கேளுங்கள்.” கடைசி வரிதான் அவருக்கு வேண்டியது. இது வேண்டாமென்றால் எது என்று சொல்லாமல் விட்டால், அட்டை பாதி வேலைதான் செய்கிறது.

மூன்றாவது *கோல்ட் காபி*. பாலும் சர்க்கரையும் ஐஸும் சேர்த்து மிக்சியில் அடித்த இனிப்புப் பானம் என்பது நம் பழக்கம். கோல்ட் ப்ரூ வேறு: கரகரப்பான தூளைக் குளிர்ந்த நீரில் 12 முதல் 18 மணி நேரம் ஊறவைத்து வடித்தது, பால் இல்லை, இனிப்பு இல்லை. நடுவில் ஐஸ்டு லாட்டே இருக்கிறது: எஸ்பிரஸ்ஸோ, குளிர்ந்த பால், ஐஸ், சர்க்கரை கிடையாது. குளிர் பானங்கள் அனைத்தையும் அட்டையில் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வைத்துவிட்டால் வேறுபாடு கண்ணில் படும்.

நான்காவது *ஸ்ட்ராங்*, கூடவே அதன் இணை *லைட்*. “ஸ்ட்ராங்கா ஒரு காபி” என்றால் டிகாக்ஷன் தூக்கலாக, பால் குறைவாக என்று பொருள். “லைட்டா” என்றால் பால் தூக்கலாக. கஃபேயில் லைட் என்ற சொல் ரோஸ்ட்டைக் குறிக்கும்; கொட்டையைக் குறைவாக வறுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். லைட் ரோஸ்ட் கறுப்புக் காபியை வாங்கிவிட்டு, ‘லைட்’ என்றால் சாதுவாக இருக்கும் என்று நினைத்தவருக்கு முதல் வாயிலேயே பழப்புளிப்பு தாக்கும். அட்டையின் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் போட்டு, “காபி தூக்கலாக வேண்டுமா? ஒரு ஷாட் கூட்டச் சொல்லுங்கள். பால் தூக்கலாக வேண்டுமா? லாட்டே கேளுங்கள்” என்று எழுதுங்கள். ஷாட் என்பது ஓர் அளவு எஸ்பிரஸ்ஸோ; அதைக் கூட்டினால் கூடுதல் கட்டணம் உண்டென்றால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். பில்லில் தெரிந்துகொள்வதைவிட அது நல்லது.

5. எஸ்பிரஸ்ஸோவுக்கு ஓர் அடிப்படைச் சொல் முடிவு செய்யுங்கள்

பால் பானங்களை விளக்கப் போகும் முன் இது முடிவாக வேண்டும். ஒவ்வொரு வரியிலும் எஸ்பிரஸ்ஸோ வரும். அந்தச் சொல் புரியாதவருக்கு வரி முழுவதும் புரியாது.

நான் ‘டிகாக்ஷன்’ என்றே எழுதினேன். கடையின் பாரிஸ்டா ஒத்துக்கொள்ளவில்லை. டிகாக்ஷன் தன் எடையில் மெதுவாகச் சொட்டுவது, எஸ்பிரஸ்ஸோ ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் அரை நிமிடத்தில் இறங்குவது, தவிர நம் டிகாக்ஷனில் பெரும்பாலும் சிக்கரி உண்டு, இதில் இல்லை என்றார். அவர் சொன்னது அனைத்தும் சரி. ஆனால் வாடிக்கையாளருக்கு வேண்டியது, கோப்பையில் எது எந்த வேலையைச் செய்கிறது என்பது. பாலில் கலக்கிற கெட்டிக் காபிக்கு அவரிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. கடைசியில், எஸ்பிரஸ்ஸோ வரியில் மட்டும் “மெஷினில் இறக்கிய, சிக்கரி சேராத டிகாக்ஷன் மாதிரி” என்று ஒருமுறை சொல்லிவிட்டு, மற்ற இடங்களில் ‘டிகாக்ஷன்’ என்று மட்டும் போடலாம் என்று சமாதானமானோம்.

6. ஒரு வரியை முழுக்க எழுதிப் பாருங்கள்: ஃபிளாட் ஒயிட்

அளந்து வைத்த குறிப்பு இது: கோப்பை 160 மில்லி, இரட்டை எஸ்பிரஸ்ஸோ, மீதி நீராவியில் சூடாக்கிய பால், மேலே அரை சென்டிமீட்டருக்கும் குறைவான மென்நுரை, சர்க்கரை இல்லை.

என் முதல் வரைவு: “இரட்டை எஸ்பிரஸ்ஸோவின் மீது நுண்நுரைப் பால் ஊற்றித் தயாரிக்கப்படும் பானம்.” தவறு எதுவும் இல்லை, படித்தவர் யாருக்கும் எதுவும் விளங்கவும் இல்லை. எப்படிச் செய்கிறார்கள் என்று அது சொல்கிறது. குடிக்கப் போகிறவர் கேட்டது அதை அல்ல.

நோட்டில் இருந்த கேள்விகளின் வரிசையைப் பார்த்தேன். பால் உண்டா என்பதுதான் முதலில் வருகிறது, அப்புறம் அளவு, அப்புறம் தூக்கலா இல்லையா, கடைசியில் சர்க்கரை. அதே வரிசையில் எழுதினேன்: “பால் காபி. சின்ன கப். டிகாக்ஷன் தூக்கல். மேலே ஏடுபோல் மெல்லிய நுரை. சர்க்கரை சேர்ப்பதில்லை.” இந்த வரிசையை எல்லாப் பானங்களுக்கும் மாற்றாமல் வையுங்கள். மூன்று வரிகள் படித்ததும், பால் இல்லாததைத் தேடுகிறவரின் கண் தானாகவே முதல் சொல்லை மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கும்.

மற்ற பால் பானங்களை அகர வரிசையில் அடுக்காமல், பால் கூடுகிற வரிசையில் அடுக்குங்கள். எஸ்பிரஸ்ஸோ, மேலே ஒரு பொட்டு நுரை வைத்த மக்கியாட்டோ, டிகாக்ஷனும் பாலும் ஏறக்குறையச் சமமான கார்ட்டாடோ, ஃபிளாட் ஒயிட், ஒரு விரல் கனம் நுரையுள்ள கப்புச்சினோ, பால் மிகுந்த லாட்டே. பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓர் அம்புக்குறி போட்டு ‘பால் கூடுகிறது’ என்று எழுதினால், பல விளக்கங்களைச் சுருக்கிவிடலாம். அமெரிக்கானோ இந்த வரிசையில் சேராது. அது வெந்நீர் விட்டு நீர்க்க வைத்த எஸ்பிரஸ்ஸோ. கறுப்புக் காபிகளோடு வையுங்கள். சாய் லாட்டேயில் காபியே இல்லை, மசாலா டீயும் பாலும்தான். லாட்டே என்ற பெயரைப் பார்த்து அதைக் காபி வரிசையில் வைத்துவிடாதீர்கள்.

7. சூடு பற்றி ஒரு வரி தனியாக

“காபி ஆறிப்போய் வந்திருக்கு” என்பது என் நோட்டில் அடிக்கடி வந்த புகார். கோப்பை ஆறவில்லை. கஃபேயில் பாலை ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி வரைதான் சூடாக்குவார்கள். 70ஐத் தாண்டினால் பாலின் இனிப்பு மங்கும், நுரையும் கெடும். கொதிக்கிற பாலில் கலந்து, ஆற்றி, ஊதிக் குடித்துப் பழகிய நாக்குக்கு அது வெதுவெதுப்பாகத் தெரிகிறது.

அட்டையில் காரணம் விளக்க இடம் இல்லை, தேவையும் இல்லை. “பால் பானங்கள் வந்தவுடன் குடிக்கும் சூட்டில் வரும். நன்றாகச் சூடாக வேண்டுமென்றால் ‘எக்ஸ்ட்ரா ஹாட்’ என்று சொல்லுங்கள்.” இதை எழுதும் முன் பாரிஸ்டாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிலர் அப்படிச் செய்து தர மாட்டார்கள்.

8. பின்பக்கம்: தயாரிப்புச் சொற்கள் ஏழெட்டுக்கு மேல் வேண்டாம்

மெனுவில் அச்சாகியிருக்கிற சொல்லும், பாரிஸ்டா வாடிக்கையாளரிடம் கேட்கிற சொல்லும் மட்டும் போதும். ப்ளூம் போன்றவை கவுண்டருக்கு உள்ளே இருப்பவர்களின் பேச்சு, விட்டுவிடலாம்.

இங்கே நம் பித்தளை ஃபில்டர் பெரிய உதவி. கிரைண்ட் என்பதற்கு: “தூளின் நைசு. மிக நைசான தூள் ஃபில்டரில் அடைத்துக்கொண்டு டிகாக்ஷன் இறங்காது. கரகரப்பானால் மடமடவென்று இறங்கி நீர்த்துப்போகும்.” எக்ஸ்ட்ராக்ஷனுக்குத் தனிச் சொல் தேடி நான் இரண்டு நாள் வீணாக்கினேன். ‘இறங்குவது’ என்ற சொல் கையிலேயே இருந்தது: “தூளிலிருந்து காபி இறங்குவது. போதுமான அளவு இறங்காவிட்டால் புளிக்கும், மீறி இறங்கினால் கசக்கும்.” போர் ஓவருக்கு “காகித வடிகட்டியில் தூளைப் போட்டு, வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி வடிப்பது, சில நிமிடம் ஆகும்” என்று எழுதினால், கோப்பை வரத் தாமதமாவது ஏன் என்பதும் சேர்ந்து புரிந்துவிடும். டிகாஃப் வரியில் கவனம் வேண்டும். காஃபின் மிகக் குறைவு, முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. மருத்துவர் சொல்லி காஃபினைத் தவிர்க்கிறவர்கள் இந்த வரியை நம்பிக் குடிப்பார்கள்.

அதிகம் யோசிக்க வேண்டியது அசிடிட்டி. ‘அமிலத்தன்மை’ என்று எழுதினால் வயிற்றெரிச்சல் நினைவுக்கு வரும். வெறுமனே ‘புளிப்பு’ என்றால் பால் திரிந்துவிட்டதோ என்ற சந்தேகம் வரும். நம் காபிப் பேச்சில் புளிப்பு என்றைக்கும் குற்றச்சாட்டுதான். நான் “ஆரஞ்சு, திராட்சையில் இருப்பது போன்ற பழப்புளிப்பு, லைட் ரோஸ்டில் இயல்பாக வருவது” என்று எழுதினேன்.

அதே போல, மெனுவில் காபிக் கொட்டையின் பெயருக்குக் கீழே ‘சாக்லேட், ஆரஞ்சு’ என்று சுவைக் குறிப்பு இருந்தால் பலரும் அவை கலந்திருக்கின்றன என்றே எடுத்துக்கொள்வார்கள். “இவை சேர்க்கப்பட்டவை அல்ல, காபியின் சுவை இவற்றை நினைவூட்டும்” என்ற ஒரு வரி இல்லாவிட்டால், சாக்லேட் எங்கே என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வியும்கூட.

9. அச்சுக்கு அனுப்புவது

ஏ5 அளவு, இருபுறம். முன்பக்கம் பன்னிரண்டு பானங்களுக்கு மேல் திணிக்காதீர்கள். ஒரே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிக அகலம் எடுக்கும். சுழியும் கொம்பும் சின்ன அளவில் அடைத்துக்கொள்ளும் என்பதால், தமிழ் எழுத்து 11 புள்ளிக்குக் குறைய வேண்டாம். மங்கலான விளக்கில் உட்கார்ந்து படிக்கிற இடம் இது. பளபளப்பான லேமினேஷனும் வேண்டாம்; மேட் போடுங்கள்.

பாலும் கொட்டைகளும் ஒவ்வாதவர்களுக்காக, மாற்றுப் பால் பெயர்களுக்குக் கீழே பாதாம், சோயா, ஓட்ஸ் எதிலிருந்து வருகிறது என்பதைத் தடித்த எழுத்தில் சொல்லுங்கள்.

எழுத்துரு யூனிகோடில் இருக்கட்டும். Noto Sans Tamil இலவசமாகக் கிடைக்கிறது. பழைய குறியாக்க எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும். யூனிகோடிலும் ஒரு பொறி உண்டு: சில வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழ் எழுத்துகள் சேராமல், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். InDesign என்றால் Adobe World-Ready Paragraph Composer தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்ததும் மோக்கா, கோல்ட், லாட்டே, கார்ட்டாடோ ஆகிய நான்கு சொற்களை முதலில் பாருங்கள். கோளாறு இருந்தால் கொம்புள்ள இந்தச் சொற்களில்தான் முதலில் தெரியும்.

10. மொத்தமாக அச்சடிக்கும் முன்

வீட்டு அச்சுப்பொறியில் மூன்று பிரதி எடுத்து, கஃபேக்கு அதிகம் போகாத மூன்று பேரிடம் கொடுங்கள். “புரியுதா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரியுது என்றுதான் சொல்வார்கள். “இதைப் பார்த்து ஒண்ணு ஆர்டர் பண்ணுங்க, என்ன வரும்னு எனக்குச் சொல்லுங்க” என்று கேளுங்கள். அவர் சொல்வதும் கோப்பையில் வருவதும் பொருந்தாத வரியைத் திருத்துங்கள். என் இரண்டாவது அட்டையில் இப்படித்தான் மோக்கா சிக்கியது: ‘சாக்லேட் காபி’ என்று மட்டும் எழுதியிருந்தேன், சோதித்துப் பார்த்த அத்தை அது குளிர்ச்சியாக வரும் என்று நினைத்துவிட்டார். ‘சூடான’ என்ற ஒரு சொல் சேர்த்தேன்.

கீழ் ஓரத்தில் மாதமும் ஆண்டும் சின்னதாகப் போட்டுவையுங்கள். கடை கப் அளவையோ பாலையோ மாற்றும்போது எந்த அட்டைகளை மேசையிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஊழியருக்கு அதை வைத்துத்தான் தெரியும்.